ஸ்டென்ட் வைத்தவர் கொழுப்பு மாத்திரையை நிறுத்தலாமா? தொடை வலியும் நார்மல் ரிப்போர்ட்டும்

கேள்வி: அப்பாவுக்கு 59 வயது. காசிமேட்டில் ஐஸ் பெட்டி, மீன் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. ஏழு மாதம் முன்னால் ஹார்ட் அட்டாக் வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இரவில் ஒரே ஒரு கேப்சூல் கொடுத்திருக்கிறார்கள். அட்டையில் அஸ்பிரின் 75, குளோபிடோக்ரெல் 75, அடார்வாஸ்டாட்டின் 40 என்று இருக்கிறது. அட்டாக் வந்தபோது கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 140. இரண்டு மாதம் முன்பு எடுத்ததில் 70, ரிப்போர்ட்டில் நார்மல். இப்போது மூன்று வாரமாக இரண்டு தொடையும் வலிக்கிறது என்கிறார். "கொழுப்புதான் நார்மலாயிடுச்சே, மாத்திரையால்தான் வலிக்குது, நிறுத்திடறேன்" என்று பிடிவாதமாக இருக்கிறார். விடியற்காலை வேலை என்பதால் சாயந்திரமே தூங்கிவிடுவார், வாரத்தில் இரண்டு நாளாவது இரவு மாத்திரை விட்டுப்போகும். வேறு மாத்திரை என்றால் இடுப்பில் படர்தாமரைக்கு ஐந்து வாரமாக ஒரு கேப்சூல், இட்ராகொனசோல் 200. நிறுத்தலாமா?

பதில்:

அந்த இரவு கேப்சூலை நிறுத்தக் கூடாது. அதற்கு முதல் காரணம் கொழுப்பே இல்லை. அட்டையில் இருக்கிற மூன்று பெயரில் கொழுப்பு மாத்திரை ஒன்றுதான், அடார்வாஸ்டாட்டின். மற்ற இரண்டும் ரத்தம் உறைந்து கட்டியாவதைத் தடுக்கிறவை. ஸ்டென்ட் ஓர் உலோக வலை. ரத்தக் குழாயின் உள்தோல் மெதுவாக அதன்மேல் படர்ந்து மூடவேண்டும். அதுவரை அந்த உலோகத்தில் ரத்தம் திடீரென்று உறைந்துகொள்ளும் அபாயம் உண்டு. அதனால்தான் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து வழக்கமாக ஒரு வருடம் கொடுக்கிறோம். உங்கள் அப்பாவுக்கு ஏழு மாதம்தான் ஆகிறது. "கொழுப்பு மாத்திரையை நிறுத்துகிறேன்" என்று அவர் அந்த கேப்சூலைத் தூக்கிப் போட்டால், அவருக்கே தெரியாமல் மூன்றையும் நிறுத்துகிறார். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் குழாய் ஒரே நேரத்தில் முழுதாக அடைபடும். அப்படி வருகிற இரண்டாவது அட்டாக் முதலாவதைவிடக் கொடியது, பலர் ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதே இல்லை.

மருந்துக்கடையில் இந்த மாதிரி சேர்த்த கேப்சூல்கள் நிறைய. பெயரின் வாலில் 'கோல்டு' என்பது போல ஒட்டியிருக்கும். ஒரே மாத்திரை என்பதால் விட்டுப்போகாது, செலவும் குறைகிறது, அதெல்லாம் நல்லதுதான். ஆனால் வீட்டில் அதற்கு 'கொழுப்பு மாத்திரை' என்று பேர் வைத்துவிடுகிறார்கள். நான் தண்டையார்பேட்டைப் பக்கம் பொதுமருத்துவம் பார்க்கிறவன். ஸ்டென்ட் வைத்தவர் யார் வந்தாலும் அட்டையைத் திருப்பிக் காட்டி, இதில் மூன்று மருந்து இருக்கிறது என்று வீட்டாரிடம் சொல்லாமல் அனுப்புவதில்லை. அப்பாவிடமும் இன்று முதலில் இதைச் சொல்லுங்கள். கொழுப்பு எண்ணை வைத்து வாதாடுவதைவிட "ஸ்டென்ட் அடைச்சுக்கும்பா" என்றால் அவருக்குச் சட்டென்று புரியும்.

இப்போது வலிக்கு வருகிறேன். நீங்கள் கடைசியாக, ஒப்புக்குச் சொன்ன அந்தப் படர்தாமரை கேப்சூல்தான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது.

ஏழு மாதமாக அடார்வாஸ்டாட்டின் போகிறது. முதல் ஆறு மாதம் வலி இல்லை. ஐந்து வாரம் முன்பு இட்ராகொனசோல் தொடங்கியது. மூன்று வாரமாக வலி. இந்த வரிசையைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அடார்வாஸ்டாட்டினைச் சிதைத்து வெளியேற்றுவது பெரும்பாலும் கல்லீரலிலும் குடலிலும் உள்ள ஒரு நொதி. இட்ராகொனசோல் அந்த நொதியை முடக்கிவிடும். அப்போது உள்ளே போன அடார்வாஸ்டாட்டின் வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் தேங்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் ரத்தத்தில் அடார்வாஸ்டாட்டினின் மொத்த அளவு மூன்று மடங்குக்கு மேல் போனது. அப்பா விழுங்குவது 40 மில்லிகிராம்தான், அவருடைய தசைகள் பார்ப்பது அதைவிட எவ்வளவோ அதிகம். அதனால்தான் இட்ராகொனசோல் எடுக்கும்போது அடார்வாஸ்டாட்டின் 20-ஐத் தாண்டக்கூடாது என்பது விதி. அதே வகைக் கொழுப்பு மாத்திரையான சிம்வாஸ்டாட்டின் என்றால் இட்ராகொனசோலோடு சேர்க்கவே கூடாது.

நம் பக்கத்தில் இது அபூர்வமான விஷயம் இல்லை. ஈரத் துணியோடு நாள் முழுக்க வேலை, வியர்வை, இடுப்பில் இறுக்கிக் கட்டிய கைலி. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று எங்கே பார்த்தாலும் படர்தாமரை. பூசுகிற மருந்தில் போகாமல் இட்ராகொனசோல் வாரக்கணக்கில் கொடுப்பது சகஜமாகிவிட்டது. தோலுக்குப் பார்க்கிறவரிடம் யாரும் இதய மாத்திரை அட்டையைக் காட்டுவதில்லை. கடையிலேயே கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. இட்ராகொனசோலுக்கு இன்னொரு எச்சரிக்கையும் இருக்கிறது. அது இதயத்தின் இறைக்கும் சக்தியைக் குறைக்கக்கூடியது, ஆகவே இதயச் செயலிழப்பு இருக்கிறவர்களுக்குப் படர்தாமரை போன்ற சின்ன விஷயத்துக்காக அதைக் கொடுக்கக் கூடாது. அட்டாக்குக்குப் பிறகு எடுத்த எக்கோ ரிப்போர்ட்டில் அப்பாவின் இறைக்கும் திறன் எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள். அதையும் எடுத்து வையுங்கள்.

சரி, என்ன செய்வது? இரவு கேப்சூல் இன்றும் போகட்டும். தோல் கேப்சூலை இன்றே நிறுத்திவைக்கலாம், படர்தாமரை சில நாள் காத்திருந்தால் ஒன்றும் ஆகாது. நாளைக்கே இரண்டு அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு, ஸ்டென்ட் வைத்த இடத்து இதய மருத்துவரையோ, அருகில் உள்ள பொது மருத்துவரையோ பாருங்கள். இட்ராகொனசோல் நிறுத்தியவுடன் உடம்பை விட்டுப் போகாது, ஒன்றிரண்டு வாரம் தங்கும். அதனால் மருத்துவர் அந்த இரண்டு வாரத்துக்கு அடார்வாஸ்டாட்டினை மட்டும் நிறுத்தலாம், குறைக்கலாம், அல்லது அதே வகையில் இன்னொரு மருந்தான ரோசுவாஸ்டாட்டினுக்கு மாற்றலாம். ரோசுவாஸ்டாட்டின் அந்த நொதியை நம்பி இல்லை, இட்ராகொனசோலோடு பெரிதாக மோதாது. எதைச் செய்தாலும் அஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தனித்தனி மாத்திரையாக அன்றைக்கே கையில் வரவேண்டும். "கேப்சூலை நிறுத்துங்கள்" என்று மட்டும் யாராவது சொன்னால், "அதில் இருக்கிற மற்ற இரண்டுக்கும் என்ன டாக்டர்?" என்று கேட்காமல் எழுந்து வராதீர்கள். படர்தாமரைக்கு டெர்பினாஃபின் என்று வேறு மாத்திரை உண்டு. அது அடார்வாஸ்டாட்டினோடு இந்த வகையில் குறுக்கிடுவதில்லை. தோல் மருத்துவரிடம் அதைப்பற்றிப் பேசலாம்.

ஒரே ஒரு நிலைமையில் நாளைவரை காத்திருக்கக் கூடாது. சிறுநீர் பால் இல்லாத டீ நிறத்தில் போனால், அல்லது வலியோடு கூடத் தசை சோர்ந்து, உட்கார்ந்த இடத்திலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியாவிட்டால், இரவு என்றாலும் ஸ்டான்லி ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். தசை பெருமளவில் சிதைந்து அதன் புரதம் சிறுநீரகத்தில் இறங்குவதன் அடையாளம் அது. அடார்வாஸ்டாட்டின் போன்ற கொழுப்பு மாத்திரைகளுக்கு ஸ்டாட்டின் என்று பொதுப் பெயர். ஸ்டாட்டின் எடுப்பவர்களில் இது மிக மிக அரிது. ஆனால் அப்படி வந்தவர்களை விசாரித்தால் இப்படி ஒரு குறுக்கிடும் மருந்து பலமுறை பின்னால் இருக்கும். அன்றைக்கு ஸ்டாட்டினை உடனே நிறுத்த வேண்டியதுதான். ஸ்டென்டுக்கான மாத்திரைகளை அங்கேயே பார்த்துக் கொடுப்பார்கள்.

நாளைக்கு எழுதிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனையில் சி.கே. என்று ஒன்று இருக்கும். கிரியாட்டின் கைனேஸ். தசைக்குள் இருக்கிற பொருள், தசை சேதமானால் ரத்தத்தில் கசியும். ஆண்களுக்குப் பல லேப்களில் மேல்வரம்பு 200-ஐ ஒட்டி இருக்கும். அதைப்போல் பத்து மடங்குக்கு மேல், அதாவது 2000-ஐத் தாண்டினால் ஸ்டாட்டினை நிறுத்தியே ஆகவேண்டும். நான்கு மடங்குக்குக் கீழே இருந்து, வலியும் தாங்கக்கூடியதாக இருந்தால், காரணத்தைச் சரிசெய்துகொண்டு கவனமாகத் தொடரலாம். நடுவில் இருந்தால் பெரும்பாலும் நிறுத்திவைத்துத் திரும்பப் பார்ப்பார்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெட்டி தூக்குகிற வேலையே சி.கே.வை ஏற்றும். முந்தின நாள் முழுக்க ஐஸ் பெட்டி இறக்கிவிட்டு ரத்தம் கொடுத்தால், ஸ்டாட்டின் எடுக்காதவருக்கே 500, 600 காட்டலாம். இடுப்பில் போட்ட வலி ஊசியும் ஏற்றும். சிறுநீர் நிறம் மாறவில்லை, வலியும் மோசமாகவில்லை என்றால், இரண்டு நாள் கனமான வேலையை விட்டுவிட்டு எடுக்கும் ரத்தம்தான் உண்மை பேசும். அவர் என்ன வேலை செய்கிறார் என்பதை மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும், சொல்லாவிட்டால் அந்த எண்ணைத் தவறாகப் படிப்பார்கள்.

இட்ராகொனசோல் கதையில் இல்லாமல், வெறும் ஸ்டாட்டினும் வலியும் மட்டும் இருந்திருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். ஸ்டாட்டின் எடுக்கிறவர்கள் சொல்லும் வலிகளில் பெரும்பங்கு ஸ்டாட்டினால் வருவதில்லை. யாருக்கு உண்மை மருந்து, யாருக்குப் போலி மாத்திரை என்று எவருக்கும் தெரியாமல் நடத்திய பெரிய சோதனைகளை எல்லாம் சேர்த்து 2022-ல் அலசினார்கள். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு பேர், நூற்றுக்கு 27 பேர் அளவில், தசை வலி சொல்லியிருந்தார்கள். ஸ்டாட்டின் எடுத்தவர்கள் சொன்ன வலிகளில் பதினைந்தில் ஒன்றுதான் மருந்தின் வேலை. அதுவும் பெரும்பாலும் முதல் வருடத்தில், லேசான வலியாக.

இதைவிட எனக்குப் பிடித்த ஆய்வு லண்டனில் 60 பேரிடம் நடந்தது. 2020-ல் வெளிவந்தது. எல்லாரும் ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளவில்லை என்று முன்பே நிறுத்தியவர்கள். அவர்களுக்கு ஒரு வருடத்துக்கு மாதம் ஒரு புட்டி. சில மாதம் உண்மை மாத்திரை, சில மாதம் போலி, சில மாதம் வெறும் புட்டி. எது உண்மை, எது போலி என்று அவர்களுக்குத் தெரியாது. தினமும் உபாதைக்கு மதிப்பெண் போடவேண்டும். வெறும் புட்டி மாதங்களில் சராசரி 8, உண்மை மாத்திரையில் 16, போலி மாத்திரையில் 15. வலி பொய் இல்லை, அவர்களுக்கு வலித்தது. மாத்திரை விழுங்குகிறோம் என்கிற எதிர்பார்ப்பே அதில் பெரும்பகுதியைக் கொண்டுவந்தது. இந்த முடிவைக் காட்டியபிறகு அவர்களில் பாதிப்பேர் மறுபடி ஸ்டாட்டின் எடுக்கத் தொடங்கினார்கள். ஆனால் இந்த ஆய்வுகளைச் சொல்லி உங்கள் அப்பாவை "மனப்பிரமை" என்று அனுப்பிவைக்கக் கூடாது. குறுக்கிடும் மருந்து எடுப்பவர்களைச் சோதனைகளில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அவருடைய வலிக்கு நியாயமான காரணம் கண்முன்னால் இருக்கிறது.

வலியின் போக்கையும் அவரிடம் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். ஸ்டாட்டின் வலி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, தொடை, பிட்டம், தோள் போன்ற பெரிய தசைகளில், மூட்டில் இல்லாமல் சதையில், மந்தமாக இருக்கும். மாடிப்படி ஏறும்போது, தரையிலிருந்து எழும்போது தெரியும். ஒரே ஒரு முழங்கால், ஒரே தோள், இடுப்பிலிருந்து ஒரு காலில் மட்டும் இறங்கும் வலி என்றால் வேறு இடத்தில் தேடவேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இதே மாதிரி தசை வலி வரும். அந்த நிலையில் ஸ்டாட்டின் வலி வருகிற வாய்ப்பும் கூடும், அதனால் டி.எஸ்.எச். என்கிற தைராய்டு பரிசோதனை ஒன்று சேர்த்து எடுப்பார்கள். அப்புறம் ஒரு முக்கியமான கேள்வி. சும்மா இருக்கும்போது வலியில்லாமல், குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து இழுத்து, நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் விட்டுவிடுகிறதா? அப்படியென்றால் காலுக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பாக இருக்கலாம், பீடி சிகரெட் பழக்கம் இருந்தவருக்குக் குறிப்பாக. அந்த வலிக்கு ஸ்டாட்டின் காரணம் இல்லை. அது வந்தவருக்கு ஸ்டாட்டின் இன்னும் அதிகமாகத் தேவை.

எல்லாம் அடங்கியபிறகு ஸ்டாட்டினை மறுபடி தொடங்கவேண்டும். இங்கேதான் பலர் கைவிட்டுப் போகிறார்கள். மருத்துவர் இரண்டு வாரம் நிறுத்தச் சொல்வார், வலி போய்விடும், சந்தோஷத்தில் திரும்பிப் போகமாட்டார்கள், ஆறு மாதம் ஓடிவிடும். நிறுத்துகிற அன்றைக்கே திரும்பத் தொடங்கும் தேதியைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். இட்ராகொனசோல்தான் காரணம் என்றால் பழைய மருந்தே பெரும்பாலும் எந்தத் தொல்லையும் தராது. மறுபடி வலித்தால் ரோசுவாஸ்டாட்டின் 5 அல்லது 10-ல் தொடங்கலாம். நம்மைப்போன்ற ஆசிய உடம்புகளில் ரோசுவாஸ்டாட்டின் ரத்தத்தில் கொஞ்சம் கூடுதலாகவே ஏறும் என்பதால் 5-ல் தொடங்குவது தப்பில்லை. அதுவும் ஒத்துவராவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்படியும் முடியாவிட்டால் வேறு வகை மருந்து.

இரவு விஷயத்துக்கு வருவோம், இது சீக்கிரம் முடிகிற விஷயம். கல்லீரல் கொலஸ்ட்ராலை இரவில், வயிறு காலியாக இருக்கும் நேரத்தில் அதிகம் தயாரிக்கிறது. முதலில் வந்த ஸ்டாட்டின்கள் உடம்பில் தங்கும் நேரம் குறைவு. சிம்வாஸ்டாட்டின் இரண்டு மூன்று மணி நேரத்தில் பாதியாகிவிடும். காலையில் சாப்பிட்டால் இரவு தேவைப்படும்போது மிச்சம் இருக்காது என்பதால் இரவில் கொடுத்தார்கள், பழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. அடார்வாஸ்டாட்டின் பாதியாக 14 மணி நேரம் ஆகும், அதன் வேலை அதையும் தாண்டி நீடிக்கும். ரோசுவாஸ்டாட்டினுக்கு 19 மணி நேரம். இவை இரண்டையும் எந்த நேரத்தில் சாப்பிட்டாலும் பலன் ஒன்றுதான். ஊர் தூங்கும்போது வேலைக்குக் கிளம்புகிற மனிதருக்கு 'இரவு 9 மணி' என்று எழுதிக்கொடுத்தால் அது விட்டுப்போகத்தான் செய்யும். துறைமுகத்திலிருந்து வந்து, குளித்து, காலையில் சாப்பிடுகிறார் இல்லையா, அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளட்டும். அஸ்பிரின் இருப்பதால் வயிற்றில் ஏதாவது இருப்பது நல்லது. மாற்றுவதை மருத்துவரிடம் ஒருவார்த்தை சொல்லிவிடுங்கள், அவர் மறுக்கமாட்டார். விட்டுப்போனால் நினைவு வரும்போது போட்டுக்கொள்ளலாம், மறுநாள் வேளை வந்துவிட்டால் அந்த ஒன்று மட்டும். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

வாரத்தில் இரண்டு நாள் விட்டுப்போவதை நான் கொழுப்புக் கணக்கில் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அதே கேப்சூலில் ஸ்டென்டைக் காக்கிற மருந்து இருக்கிறது. அதற்காகத்தான் நேரத்தை மாற்றச் சொல்கிறேன்.

கடைசியாக அந்த 'நார்மல்'. எல்.டி.எல். 70 என்பது அப்பாவின் எண் இல்லை, அப்பாவும் மாத்திரையும் சேர்ந்து போட்ட எண். மாத்திரை இல்லாத அப்பாவின் எண் 140. ஸ்டாட்டின் கல்லீரலின் கொலஸ்ட்ரால் தயாரிப்பைக் குறைக்கிறது. தட்டுப்பாடு வந்ததும் கல்லீரல் தன் மேற்பரப்பில் எல்.டி.எல்.லைப் பிடிக்கும் ஏற்பிகளைக் கூடுதலாக முளைக்கவைத்து, ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. மாத்திரை நின்றால் அந்த ஏற்பிகள் குறையும், சில வாரத்தில் எல்.டி.எல். பழைய இடத்துக்குப் போய்விடும். "வறுத்த மீன் விட்டுட்டேன், குழம்பு மீன்தான் சாப்பிடறேன்" என்பார். நல்லதுதான், ஆனால் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டில் எல்.டி.எல். நூற்றுக்குப் பத்து, பதினைந்து குறைந்தால் பெரிது. 140 என்பது 120 ஆகும். 70 ஆகாது.

ரிப்போர்ட்டில் ஓரத்தில் '100-க்குள்' என்று அச்சிட்டிருப்பது பொதுவாக எல்லாருக்குமானது. அந்த லேபுக்கு அவர் நெஞ்சுக்குள் ஸ்டென்ட் இருப்பது தெரியாது. அட்டாக் வந்தவருக்கு இலக்கு 55-க்குக் கீழே. அந்தக் கணக்கில் 70 என்பது நார்மலே இல்லை, இன்னும் இறங்கவேண்டிய எண். ஸ்டென்ட் வைத்தது ஒரே இடத்தில். மற்ற குழாய்களின் சுவரிலும் கொழுப்புப் படிவங்கள் இருக்கும். ஆஞ்சியோவில் 'லேசான அடைப்பு' என்று எழுதியிருப்பார்களே, அவைதான். அட்டாக் பலமுறை பெரிய அடைப்பில் வருவதில்லை. இந்த லேசான படிவத்தின் மேல்தோல் கிழிந்து, அதன்மேல் ரத்தம் உறைவதால் வருகிறது. எல்.டி.எல். தாழ்வாக இருக்கும் காலம் நீள நீள அந்தப் படிவத்தில் கொழுப்பும் அழற்சியும் குறைந்து, மேல்தோல் தடித்துக் கெட்டியாகிறது. இந்த வேலை மாதங்களிலும் வருடங்களிலும் நடப்பது. எண் இறங்கியவுடன் முடிந்துவிடுவதில்லை.

எல்.டி.எல். சுமார் 39 குறைந்தால் அட்டாக், பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனைகளிலிருந்து வந்த கணக்கு. அப்பாவுக்கு 70 குறைந்திருக்கிறது, அதாவது அபாயம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும். ஆரம்பத்திலேயே எல்.டி.எல். 100-க்குக் கீழே இருந்த இதய நோயாளிகளுக்குக்கூட ஸ்டாட்டின் அதே அளவு விகிதத்தில் பலன் தந்தது. 20,000-க்கு மேற்பட்டவர்களை வைத்து பிரிட்டனில் நடத்திய சோதனை அது, 2002-ல் வெளிவந்தது. நம் மாநிலத்தில் 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்கு உடனே கொடுக்கும் மாத்திரைகளில் அஸ்பிரின், குளோபிடோக்ரெலோடு அடார்வாஸ்டாட்டினும் இருக்கிறது. அந்த நேரத்தில் யாரும் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் கேட்பதில்லை.

70-ஐ 55-க்குக் கொண்டுவர உடனே அடார்வாஸ்டாட்டினை 80 ஆக்குங்கள் என்று சொல்லமாட்டேன். ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் கிடைப்பது ஆறு சதவீதம்தான். 140-ல் ஆறு சதவீதம் என்றால் எட்டு. வலி வந்த மனிதருக்கு அந்த எட்டுக்காக இருமடங்கு மருந்து வேண்டாம். முதலில் விடாமல் தினமும் சாப்பிட்டாலே கொஞ்சம் இறங்கும். அப்படியும் இறங்காவிட்டால் எசெடிமைப் 10 சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அது குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுப்பது, இருக்கிற எண்ணில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கும், தசைக்குப் பெரும்பாலும் தொந்தரவு தராது. 70 என்பது 56-ஐ ஒட்டி வந்துவிடும். சீராகச் சாப்பிடுவதும் சேர்ந்தால் 55-க்குக் கீழே போய்விடும்.

ஸ்டாட்டினை மறுபடி தொடங்கி, தினமும் தவறாமல் சாப்பிட்டு, ஆறு வாரம் கழித்து லிப்பிட் புரொஃபைல் என்கிற கொழுப்புப் பரிசோதனை எடுங்கள். அதற்கு முன் எடுத்தால் முழுப் பலன் தெரியாது. ரத்தம் கொடுக்கும்போது அதற்கு முந்தின ஏழு நாளில் எத்தனை மாத்திரை விட்டுப்போனது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, ரிப்போர்ட்டோடு சேர்த்து மருத்துவரிடம் கொடுங்கள். அந்த எண்ணைப் பார்த்துத்தான் அவர் எசெடிமைப் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யமுடியும்.